உதவித்தொகைக் கோப்பில் ஒளிந்திருக்கும் பயணத் தேதி

"எங்கள் தாத்தா அந்தக் காலத்திலேயே சீமைக்குப் போய்ப் படித்தவர்" என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. எந்த வருஷம் போனார் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். பாட்டி ஒரு வருஷம் சொல்வார், பெரியப்பா இன்னொன்று சொல்வார். பட்டம் வாங்கிய வருஷத்தைக் கிளம்பிய வருஷமாகவே நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பழைய கடவுச்சீட்டு கிடைத்தால் நல்லது. பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. முதல் உலகப் போருக்கு முன்னால் கடவுச்சீட்டு இல்லாமலே கப்பல் ஏறியவர்கள்தான் ஏராளம்.

அவர் சொந்தக் காசில் போகாமல் அரசாங்கமோ பல்கலைக்கழகமோ சமஸ்தானமோ கொடுத்த பணத்தில் போயிருந்தால், கதை வேறு. பொதுப்பணத்தில் ஒரு ரூபாய் கைமாறினாலும் அதற்கு ஒரு ஆணை இருக்கும், ஒரு கணக்கு இருக்கும். ஆனால் அந்தக் காகிதங்களை நம்முடைய கேள்விக்குப் பதில் சொல்வதற்காக யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தப் பணத்தை யாருக்கு எப்போதிலிருந்து கொடுக்கலாம் என்பதுதான் அவற்றின் கவலை. அதில் ஒரு மனிதர் கிளம்பிய நாளை நாம்தான் கணித்து எடுக்க வேண்டும். கணிப்பதில் எங்கே சறுக்கும் என்பதைக் காட்டுவதற்கு, நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரின் கோப்பை எடுத்துக்கொள்கிறேன். சீனிவாச ராமானுஜன்.

அவர் எப்போது இங்கிலாந்து கிளம்பினார் என்பதில் இன்று ஐயமே இல்லை. 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். விடை தெரிந்த கணக்கு என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த விடை நமக்குத் தெரியாது என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். கையில் இருப்பவை உதவித்தொகைக் காகிதங்கள் மட்டுமே. என்ன தெரியவரும்?

முதலில் கிடைப்பது 1913ஆம் ஆண்டுக் காகிதம். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1913 மே 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு. இந்த ஒரு காகிதம் மட்டும் அகப்பட்ட ஒருவர் இரண்டு வகையில் தவறலாம். "1913இல் உதவித்தொகை கிடைத்தது, உடனே கேம்பிரிட்ஜ் போனார்" என்று எழுதிவிடலாம். கவனமாகப் படிப்பவராக இருந்தால், தொகை ரூபாயில் இருக்கிறது, சென்னையில் கொடுக்கப்படுகிறது, ஆகவே இது உள்ளூர் ஆராய்ச்சிக்கான பணம் என்று கண்டுகொள்வார். ஆனால் அவரும் 'இரண்டு ஆண்டுகள்' என்ற சொல்லை நம்பி, 1915 ஏப்ரல் வரை மனிதர் சென்னையில்தான் இருந்தார் என்று முடிவுகட்டிவிடக்கூடும். உதவித்தொகைக்குக் குறித்த காலம் ஒரு ஏற்பாடுதான். அந்தக் காலம் முழுவதும் அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அந்த 75 ரூபாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும். ராமானுஜன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். முதலாவது 1913 ஆகஸ்ட் 5, இரண்டாவது நவம்பர் 7, மூன்றாவது 1914 மார்ச் 9 ஆகிய தேதிகளில். கணிதம் படித்தவர்கள் இந்த அறிக்கைகளைத் தொகையீடுகள் பற்றிய அவருடைய தேற்றத்துக்காகப் போற்றுகிறார்கள். காலத்தைத் தேடுகிறவனுக்கு அவற்றின் தலைப்பில் இருக்கும் தேதிதான் புதையல். ஏனென்றால் ஆணை என்பது ஒருவரைப் பற்றி மற்றவர்கள் எழுதுவது. அறிக்கை அவரே எழுதித் தருவது. மார்ச் 9 அன்று அவர் சென்னையில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறார். நான்காவது அறிக்கை இல்லை. இரண்டு ஆண்டு உதவித்தொகைக்கு எட்டு அறிக்கைகள் வந்திருக்க வேண்டும், மூன்றோடு நின்றுவிட்டது. ஆக, மார்ச் 9க்குப் பிறகு ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதற்கு அடுத்த கட்டுக் காகிதங்கள் இருக்கின்றன. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்திருந்தார். ராமானுஜனைச் சந்தித்தார், அவரை இங்கிலாந்து வரச் சம்மதிக்க வைத்தார். ஜனவரி 28 அன்று பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸும் எழுதினார். சிண்டிகேட் பத்தாயிரம் ரூபாய்க்கு மிகாமல் ஒதுக்க விரும்பியது. அந்த அளவு பணத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் ஆதரவோடு பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஆண்டுக்கு 250 பவுன், இரண்டு ஆண்டுகளுக்கு. கப்பல் கட்டணமும், குளிர்நாட்டுக்கு ஏற்ற உடுப்பு வாங்கும் செலவும் தனி.

இந்தத் தொகையைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய். இரண்டு ஆண்டுக்கு 500 பவுன் என்றால் 7,500 ரூபாய். பத்தாயிரத்தில் மீதி 2,500 ரூபாய்தான் பயணம், உடுப்பு முதலிய செலவுகளுக்கான இடம். கணக்குக்குள்ளேயே ஒரு பயணம் அடங்கியிருக்கிறது. 1913 காகிதத்தில் இது இல்லை. வெளிநாட்டுக்குப் போனாரா இல்லையா என்று தீர்மானிக்க முதலில் தேட வேண்டியது இதைத்தான். மாதப் பணம் உள்ளூரிலும் செலவாகலாம். கப்பல் கட்டணம் என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால், கப்பல் பயணம் திட்டமிடப்பட்டது உறுதி.

திட்டமிடப்பட்டது என்றுதான் சொல்கிறேன். ஒப்புதல் பிப்ரவரியில் வந்தது. பயணம் மார்ச்சில் நடந்தது. இங்கே இடைவெளி ஒரு மாதத்துக்கு மேல் சற்று. இது மிகவும் குறைவு. பல்கலைக்கழகமும் ஆளுநர் மாளிகையும் சேர்ந்து அவசரம் காட்டியதால் இப்படி. வழக்கமாக ஒப்புதலுக்கும் பயணத்துக்கும் நடுவே பல மாதங்கள் போகும். கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும், கப்பலில் இடம் கிடைக்க வேண்டும். போர்க்காலங்களில் இரண்டும் அரிது. தேர்வானவர் போகாமலே இருந்துவிட, அடுத்த பெயருக்கு அந்த உதவித்தொகை போவதும் உண்டு. அதனால் ஒப்புதல் ஆணை கையில் கிடைத்த மகிழ்ச்சியில் அதன் தேதியையே புறப்பட்ட தேதியாக எழுதுவது பெரும் தவறு. "இந்த நாளுக்கு முன்னால் கிளம்பியிருக்க வாய்ப்பு குறைவு" என்பதே அந்த ஆணை சொல்வது. அதிலும் 'வாய்ப்பு குறைவு' என்றுதான் சொல்ல முடியும். முன்கூட்டியே சொந்தப் பணத்தில் கிளம்பிப் போய், பிறகு முன்தேதியிட்டு ஆணை பெற்றவர்களும் இருப்பார்கள்.

ராமானுஜன் கோப்பில் கீழ் எல்லை மார்ச் 9 என்று வந்துவிட்டது. மேல் எல்லை எது? பணம் எங்கே கொடுக்கப்படத் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். பவுனில் லண்டனிலோ கேம்பிரிட்ஜிலோ முதல் தவணை வாங்கியிருந்தால், அந்த நாளில் அவர் அங்கே இருந்திருக்கிறார். லண்டனில் இறங்கிய ராமானுஜன் முதலில் தங்கியது குராம்வெல் சாலையில் இந்திய மாணவர்களுக்கென்று இருந்த விடுதியில். சில நாளில் கேம்பிரிட்ஜுக்குப் போய் நெவில் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிடி கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். இப்படி ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதிவேடு உண்டு. இவற்றில் முந்தைய தேதி எதுவோ அதுதான் மேல் எல்லை. மார்ச் 9க்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையே ஐந்து வாரம். அன்றைய கப்பல் பயணம் ஏறக்குறைய நான்கு வாரம். அப்படியானால் மார்ச் மத்தியில் கப்பல் ஏறியிருக்க வேண்டும் என்று கணக்கு தானாக வந்து நிற்கிறது. கப்பல் பெயரே தெரியாமல் உண்மையான தேதிக்குச் சில நாள் தூரத்தில் வந்துவிட்டோம்.

குடும்பத்தின் நினைவு இதே நாளைச் சொல்லியிருக்குமா என்பது ஐயம்தான். ராமானுஜன் தாயையும் மனைவியையும் சில நாள் முன்பே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். குடுமியை எடுத்துவிட்டு மேல்நாட்டு உடையில் நிற்கும் தன்னை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். அந்தக் குடும்பத்துக்கு அவர் பிரிந்த நாள் ரயிலடியில் விடைகொடுத்த நாள். பாட்டி சொன்ன தேதியும் காகிதத் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் பாட்டி தவறிவிட்டார் என்று பொருளில்லை. இருவரும் வெவ்வேறு பிரிவைச் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கோப்பின் பெரிய பொறி இனிமேல்தான் வருகிறது. இரண்டு ஆண்டு உதவித்தொகை நீட்டிக்கப்பட்டு 1919 மார்ச் முடியும் வரை ஓடியது. அதற்குப் பிந்தைய காலத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குப் புதிதாக ஒரு தொகையை அறிவித்தது. ஆண்டுக்கு 250 பவுன், 1919 ஏப்ரல் 1 முதல் சில ஆண்டுகளுக்கு. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போய்வரும் கப்பல் செலவும் சேர்த்து. அதே பல்கலைக்கழகம், அதே பெயர், அதே 250 பவுன், கப்பல் கட்டணமும் இருக்கிறது. நான் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் இந்தக் காகிதம் தேறிவிடும். இது மட்டும் ஒருவர் கைக்குக் கிடைத்திருந்தால், "1919இல் இங்கிலாந்து போனார்" என்று தயங்காமல் எழுதிவிடுவார். உண்மையில் அந்த 1919 மார்ச் 27 அன்றுதான் ராமானுஜன் உடல் நலிந்து, 'நகோயா' என்ற கப்பலில் பம்பாய் வந்து இறங்கியிருந்தார். அந்தப் பணத்தில் அவர் மறுபடியும் கேம்பிரிட்ஜ் போகவேயில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார்.

இந்தப் பொறியிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. அரசாணையோ பல்கலைக்கழக நடவடிக்கைக் குறிப்போ எதை எடுத்தாலும், ஆணைக்கு மேலே 'படிக்கப்பட்டவை' அல்லது 'பார்வை' என்று ஒரு பகுதி இருக்கும். இதற்கு முன் போட்ட ஆணைகள், வந்த கடிதங்கள், அவற்றின் எண்கள், தேதிகள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிக் குதித்து 'ஆணை' என்ற தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். காலத்தைத் தேடுகிறவர் படிக்க வேண்டியது முதலில் அதைத்தான். அங்கே பழைய ஆணையின் எண் குறிப்பிடப்பட்டிருந்தால், கையில் இருப்பது தொடர்ச்சி அல்லது நீட்டிப்பு. ஒவ்வொரு ஆணையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், முந்தைய ஆணை எதையும் சுட்டாத, வெறும் விண்ணப்பத்தை மட்டும் சுட்டுகிற ஒன்று வரும். அதுதான் தொடக்கம். ராமானுஜனின் 1919ஆம் ஆண்டுத் தொகையே, அப்போது அவர் பெற்றுவந்த உதவித்தொகை முடியும் நாளிலிருந்து தொடங்குவதாக அமைந்தது. 'பெற்றுவந்த' என்ற அந்த ஒரு சொல் போதும். மனிதர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்.

இன்னொரு வகைக் காகிதம் ராமானுஜன் கோப்பில் இருந்ததாக நான் படித்ததில்லை. ஆனால் மற்றவர்கள் கோப்பில் அடிக்கடி உண்டு. ஒப்பந்தப் பத்திரம். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் அமெரிக்கா போனார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. அதற்காக 1913 ஜூன் 4 அன்று பரோடா அரசோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். படித்து முடித்துத் திரும்பியதும் பத்து ஆண்டு பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. ஜூலை மாதம் நியூயார்க்கில் இருந்தார். கையெழுத்தை ஆள் நேரில் வந்து சாட்சிகள் முன்னால் போட வேண்டும். ஆகவே கையெழுத்து நாளன்று அவர் கடல் கடக்கவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ஒப்புதல் ஆணையைவிட ஒப்பந்தப் பத்திரத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான். ஆணை அவர் ஊரில் இல்லாதபோதும் பிறக்கும்.

தாத்தா ஏற்கெனவே அரசு வேலையில் இருந்து, படிப்பு விடுப்பில் போனவர் என்றால் இன்னும் நல்லது. அவருடைய பணிப்பதிவேட்டில் எந்த நாள், முற்பகலா பிற்பகலா பொறுப்பை ஒப்படைத்தார் என்பதுவரை எழுதியிருக்கும். சம்பளம் எந்த நாள்வரை கொடுக்கப்பட்டது என்பதைக் கடைசி ஊதியச் சான்று சொல்லும். பயணத் தேதிக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்துபவை இந்த இரண்டும்.

"கப்பல் பயணிகள் பட்டியலைப் பார்த்தால் போதாதா, இவ்வளவு சுற்று எதற்கு" என்று கேட்கலாம். பிரிட்டனுக்கு வந்திறங்கியவர்களின் பட்டியல்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பெயர் போட்டுத் தேடலாம். ஆனால் அவை ஐரோப்பாவுக்கும் மத்தியதரைக்கடல் பகுதிக்கும் வெளியிலிருந்து நேரே பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களுக்கானவை. வழியில் வெனிஸிலோ மார்செய்யிலோ இறங்கி, ரயிலில் ஐரோப்பாவைக் கடந்து, கால்வாயைத் தாண்டியவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். நேரம் மிச்சம் என்று அப்படிப் போனவர்கள் பலர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் போனது அந்த வழியில்தான். மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்த கையோடு அரசு உதவித்தொகை பெற்று, 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் 'பில்ஸ்னா' கப்பலில் ஏறினார். கப்பல் வெனிஸுக்குப் போனது. அங்கிருந்து ரயிலில் பயணம் செய்து ஆகஸ்ட் 19 அன்று லண்டன் சேர்ந்தார். கப்பல் ஏறுவதற்கு முன் சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் போயிருக்க வேண்டும். கல்லூரியோ அக்டோபரில்தான் திறக்கும். 'எப்போது போனார்' என்ற ஒரே கேள்விக்குச் சென்னையை விட்ட நாள், இந்தியாவை விட்ட நாள், இங்கிலாந்தைத் தொட்ட நாள், கேம்பிரிட்ஜில் சேர்ந்த நாள் என்று நான்கு பதில்கள் இருக்கின்றன. பொதுவாக இந்த வேறுபாடு பெரிதில்லை. அவர் விஷயத்தில் பெரிது. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு என்ற கணக்கை, பத்தொன்பது வயதில் அந்தப் பயணத்தின்போதே போட்டார் என்பது அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. அந்தக் கண்டுபிடிப்பைக் கேம்பிரிட்ஜுக்குப் போகுமுன் செய்தாரா, போன பின் செய்தாரா என்ற கேள்விக்கு இந்தத் தேதிகள்தான் பதில் சொல்கின்றன.

உதவித்தொகை எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. கப்பல் ஏறிய நாளிலிருந்து என்று சில விதிகள் சொல்லும், அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து என்று சில, கல்லூரி திறக்கும் நாளிலிருந்து என்று சில. ஆணையில் '1930 அக்டோபர் 1 முதல்' என்று இருந்தால், அது வகுப்பு தொடங்கும் நாளாக இருக்கலாம். மனிதர் ஆகஸ்டிலேயே போயிருப்பார். விதியைப் படிக்காமல் தேதியை மட்டும் எடுத்தால் இரண்டு மாதம் பிசகும். நிதியாண்டும் குழப்பும். '1913-14ஆம் ஆண்டு உதவித்தொகை' என்ற குறிப்பு 1914 மார்ச் 31 வரை எந்த நாளையும் குறிக்கலாம். ராமானுஜன் கப்பல் ஏறிய மார்ச் 17 அந்த நிதியாண்டின் கடைசி மாதத்துக்குள் வருகிறது. அதைப் பார்த்து '1913' என்று எழுதுகிறவருக்கு ஓர் ஆண்டு முன்னால் போய்விடும்.

சென்னை மாகாண அரசின் பழைய ஆணைகளைத் தேடுகிறவர்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். துறை வாரியாக, ஆண்டு வாரியாக அட்டவணை நூல்கள் இருக்கின்றன. கல்வித்துறையில் கிடைக்காவிட்டால் அவர் வேலை பார்த்த துறையின் அட்டவணையைப் பாருங்கள். மருத்துவராக இருந்தால் மருத்துவத் துறையில், பொறியாளராக இருந்தால் பொதுப்பணித் துறையில் ஆணை கிடக்கும். பெயரை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டில், தந்தை பெயர் முதலெழுத்தோடும் சாதிப் பின்னொட்டோடும் மாற்றி மாற்றித் தேட வேண்டியிருக்கும். குடும்பம் சொல்லும் வருஷத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு வருஷம் சேர்த்துப் பாருங்கள்.

ஆணை கிடைத்துவிட்டால், முதல் பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 'படிக்கப்பட்டவை' பகுதியிலிருந்து பின்னால் தைத்திருக்கும் கடிதங்கள், செலவுக் குறிப்பு, ஒப்பந்தப் பத்திரம் வரை முழுக்கோப்புக்கும் நகல் கேளுங்கள். குடும்ப வரலாற்றில் எழுதும்போது, தேதி நேராகக் கிடைக்கவில்லை என்றால் ஊகித்து ஒரு நாளைப் போடாமல், 'இன்ன நாளுக்குப் பின், இன்ன நாளுக்கு முன்' என்று எழுதி, அதற்கு ஆதாரமான ஆணையின் எண்ணையும் தேதியையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்து தேடப்போகும் உங்கள் பேரப்பிள்ளைக்கு அது உதவும்.